தினக்கூலிக் குடும்பத்தின் மாதக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறவளிடம் குழுக் கணக்கை விட வீட்டுக் கணக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்குப் போகிற வீடுகள். கொத்தனார், சித்தாள், பெயின்டர், சென்ட்ரிங் ஆள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

1. மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் பட்ஜெட்டு. எங்களுக்கு இன்னைக்கு வேலை உண்டு, நாளைக்கு இல்ல. என்னத்தப் போடுறது?

வருமானம் முன்பின்னாக வரும், ஆனால் செலவு அப்படி இல்லை. வாடகை, பால், மளிகை, குழுக் கடன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் போகின்றன. அதனால் வருமானத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடாமல் செலவிலிருந்து தொடங்குங்கள். இந்த வீட்டை ஒரு வாரம் ஓட்ட எவ்வளவு வேண்டும்? அந்த ஒற்றை எண் தெரிந்தால் போதும்.

வாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டட வேலையில் நடுவில் படிக்காசு கொடுத்தாலும் கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும். காசு வாரத்துக்கு ஒருமுறை வருகிறபோது கணக்கை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், முதல் இரண்டு வாரம் தாராளமாகப் போய் மூன்றாவது வாரம் கைமாற்று கேட்க வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் கைமாற்று கேட்கிற வீடுகளில் பாதிக்கு மேல் வருமானம் குறைவான வீடுகளே அல்ல.

2. சரி, நோட்டு வாங்கியாச்சு. முதல்ல என்ன எழுதணும்?

கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று எழுதுங்கள். ரூபாயை விட நாள் கணக்கு நினைவில் நிற்கும். மேஸ்திரியின் நோட்டிலும் இருக்கும். இனிமேல் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு போட்டால் போதும், மறதி வராது.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் கொத்தனார், நாளுக்கு 900 ரூபாய். மனைவி சித்தாள், 550 ரூபாய். அரசுப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. முதல் மாதம் அவர் 21 நாள், இவர் 12 நாள். வந்தது 25,500. அடுத்த மாதம் மழை: 14 நாளும் 7 நாளும், 16,450. மூன்றாவது மாதம் 18 நாளும் 10 நாளும், 21,700. உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டிய மாதம் 16,450 வந்த மாதம். பலரும் 25,500 வந்த மாதத்தைத்தான் ‘எங்க வருமானம்’ என்று சொல்வார்கள். சீட்டுக்குப் பெயர் கொடுப்பதும், தவணைக்கு டிவி எடுப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

3. செலவுன்னா ஆயிரம் இருக்கு. எல்லாத்தையும் எழுதவா?

வேண்டாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தால் போதும்.

முதலாவது வாரச் செலவு. நம் உதாரண வீட்டில் மளிகை 700, காய் 330, பால் 210, ஞாயிற்றுக்கிழமை கறி அல்லது மீன் 250, வண்டிக்குப் பெட்ரோல் 250, அவருடைய டீ, வெற்றிலை என்று கைச்செலவு 260. மொத்தம் 2,000. ரேஷன் அரிசி, பருப்பு, பாமாயில் வாங்கிய பிறகு கடையில் வாங்குவதற்கான மளிகைக் கணக்கு இது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதை ஒரு மாதம் தவறவிட்டால் மளிகைக் கணக்கில் உடனே தெரியும். ஸ்டாக் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதச் செலவு. வாடகை 4,000, குழுக் கடன் 1,600, கேஸ் 600, இரண்டு போன் ரீசார்ஜ் 550, கரண்டு 250. மொத்தம் 7,000. கேஸ் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று, கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அதனால் மாதப் பங்கைப் போட்டிருக்கிறேன். ரீசார்ஜில் ஒன்றைக் கவனியுங்கள்: 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும்.

மூன்றாவது வருடச் செலவு. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பை, செருப்பு, மற்றவை 3,000. தீபாவளி 6,000. பொங்கல் 2,000. மொய், சீர், ஊர்த் திருவிழா 5,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 2,000. கூட்டினால் 18,000. தீபாவளி திடீரென்று வருவதில்லை, ஆனால் அதற்காக வாங்கும் கடன் மட்டும் ஒவ்வொரு வருடமும் திடீரென்றுதான் வாங்கப்படுகிறது.

இனி எல்லாவற்றையும் வாரமாக மாற்றுங்கள். மாதச் செலவை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் 1,615 வரும், 1,650 என்று வைப்போம். வருடச் செலவை 52-ஆல் வகுத்தால் சுமார் 350. ஆக 2,000, 1,650, 350. இந்த வீட்டின் வார விலை 4,000 ரூபாய். மாதச் செலவை நான்கால் வகுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வகுக்கலாம், வாரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவைப்பீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் வாரச் செலவை நான்கால் பெருக்கி மாதக் கணக்குப் போட்டால்தான் வருடத்தில் நான்கு வாரச் சாப்பாடு கணக்கில் வராமல் போகும்.

4. சனிக்கிழமை காசு வந்ததும் எதுக்கு முதல்ல எடுத்து வைக்கணும்?

நான்கு டப்பா அல்லது நான்கு கவர். முதலில் வாரச் சாப்பாட்டுக் கவரில் 2,000. அடுத்து மாதக் கவரில் 1,650. அடுத்து வருடக் கவரில் 350. இதற்கு மேல் என்ன வந்தாலும் நான்காவது கவர், அதை மழைக் காசு என்று வைத்துக்கொள்வோம். வரிசை மாறக் கூடாது.

அவர் நான்கு நாளும் இவர் ஒரு நாளும் போனால் 4,150. வாரம் நிறைந்துவிட்டது. ஐந்தாம் நாள் கூலி முழுக்க மழைக் காசு என்று பாருங்கள். அவர் ஆறு நாள், இவர் நான்கு நாள் போன நல்ல வாரத்தில் 7,600 வரும், 3,600 மிஞ்சும். அந்த வாரம்தான் ஆபத்தான வாரமும். கையில் காசு புரளும்போதுதான் பிரியாணி, புது செல்போன் கவர், சொந்தக்காரருக்குக் கைமாற்று எல்லாம் வரும். பிரியாணி சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. மிச்சத்தில் 300 ரூபாயை அதற்கென்று தனியாக எடுத்துவிட்டு மீதியைக் கவரில் போடுங்கள்.

கூலி ஜிபே-யில் வந்தால் கவர் முறை உடைந்துவிடும். எல்லாக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால் எது வாடகை, எது மளிகை என்று தெரியாது. சாப்பாட்டுக் காசை மட்டும் ரொக்கமாக எடுத்துக் கவரில் வைத்துவிட்டு, மாதக் காசை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கைப் போனில் இணைக்காமல் இருப்பது நல்லது.

5. இந்த வாரம் ரெண்டு நாள்தான் வேலை. 1,800 ரூபாயை வச்சு எந்தக் கவரை நிரப்புறது?

வேலை குறைந்த வாரத்துக்கு வேறொரு விலை உண்டு. கறி 250 வேண்டாம். வண்டியை எடுக்காமல் இருந்தால் பெட்ரோலிலும் 250 குறையும். கைச்செலவில் 100. ஆக வாரச் சாப்பாடு 1,400-க்கு இறங்கும். மாதக் கவருக்கு அதே 1,650. வருடக் கவரை இந்த வாரம் விட்டுவிடலாம். மொத்தம் 3,050. இதுதான் இறுக்கமான வாரத்தின் விலை. 1,800 போக 1,250 மழைக் காசிலிருந்து எடுங்கள். அந்தக் கவர் இருப்பதே இதற்குத்தான், எடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டு விஷயத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஒன்று, பிள்ளைகளின் பாலும் முட்டையும். இன்னொன்று, மாதக் கவர். வாடகைக் காசை ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று எடுத்தால், அடுத்த மாதம் இரண்டு வாடகை சேர்ந்து நிற்கும். மழைக் காசு இன்னும் சேரவில்லை என்றால் முதலில் வருடக் கவரில் கை வையுங்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று கவரின் மேலேயே எழுதிவிடுங்கள்.

6. மழைக் காசு எவ்வளவு இருந்தா போதும்?

தமிழ்நாட்டில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கான்கிரீட் போட முடியாது, வெளிப்பூச்சு நிற்கும், பெயின்ட் வேலை சுத்தமாக இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டுக்குக் கடைக்கால் தோண்ட மாட்டார்கள், அதனால் அதற்கடுத்த வாரங்களிலும் வேலை மெலிந்துதான் இருக்கும். நான்கு வாரம் முழுக்க வேலை இல்லாமல் ஓட்ட முடிந்தால் போதும் என்பது என் கணக்கு. 3,050-ஐ நான்கால் பெருக்கினால் 12,200.

இரண்டாம் கேள்வியில் சொன்ன மூன்று மாதத்தின் சராசரி 21,200 ரூபாய், வாரத்துக்கு ஏறக்குறைய 4,900. வார விலை 4,000 போக 900 மிஞ்சும். 12,200 சேர 14 வாரம் ஆகும். ஜூன் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் சேர்ந்துவிடும். பொங்கல் முடிந்து வேலை சூடுபிடிக்கும்போது தொடங்கினால் இன்னும் நல்லது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் ஆரம்பித்தால் சேராது, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

7. வீட்டுல வச்சா செலவாயிடுது. எங்க போடுறது?

வாரச் சாப்பாட்டுக் கவர் மட்டும் வீட்டில் இருக்கட்டும். மழைக் காசுக்கு ஏற்றது சாதாரண சேமிப்புக் கணக்கு. போஸ்ட் ஆபீஸ் கணக்கில் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும், ஜன்தன் கணக்கில் அதுவும் தேவையில்லை. வட்டி கொஞ்சம்தான். இங்கே வட்டி முக்கியம் இல்லை. எடுக்க ஒருநாள் நடக்க வேண்டும், ஆனால் எடுக்க முடிய வேண்டும்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், தவணை விட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். மழை மாதத்தில் கட்ட முடியாத தொகையைப் பேசி வைக்காதீர்கள். ஏலச்சீட்டிலும் இதே கதைதான்: நல்ல மாதத்தை நினைத்துப் பெயர் கொடுப்பார்கள், மோசமான மாதத்தில் சீட்டுக் கட்டவே கடன் வாங்குவார்கள். பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆள் ஊரை விட்டுப் போனால் கையில் இருப்பது ஒரு அட்டை மட்டும்தான்.

8. எங்க வீட்டுக்காரர் முழுக் கூலியையும் தர்றதில்ல. அப்புறம் என்ன கணக்கு?

இந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். ‘எவ்வளவு வந்தது’ என்று கேட்டால் சண்டை. ‘எத்தனை நாள் வேலை’ என்று கேட்டால் பதில் வரும், நாட்காட்டிக் கோடும் இருக்கிறது. நாளைக் கூலியால் பெருக்கினால் தொகை தெரியும். வந்த காசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதம் சும்மா எழுதி வையுங்கள், அப்போதைக்குப் பேச வேண்டாம்.

பிறகு அவருடைய கைச்செலவைக் கணக்கிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். நம் உதாரணத்தில் 260 போட்டது அதனால்தான். வெளியே 700 போகிறது என்று தெரிந்தால் 260 என்று எழுதி ஏமாற்றிக்கொள்ளாமல் 700 என்றே எழுதி வார விலையை 4,440 ஆக்குங்கள். நான்கு நாளில் நிறைந்த வாரம் இப்போது ஐந்து நாள் கேட்கிறது என்பதை அவரே பார்ப்பார். டாஸ்மாக்கில் போகிற காசு வேறு விஷயம், அதை நோட்டுப் போட்டுத் தீர்க்க முடியாது. ஆனால் மனைவியின் கூலி மனைவி பெயரிலேயே உள்ள கணக்கில் வந்தால் மாதக் கவராவது தப்பும்.

9. மேஸ்திரிகிட்ட 10,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். வாராவாரம் 500 பிடிக்கிறார். இதை எங்க எழுதுறது?

வருமானத்தில் குறைக்காமல் மாதக் கவர் செலவாக எழுதுங்கள். பிடித்தது போக வந்த காசை மட்டும் வருமானம் என்று எழுதினால் கடன் எவ்வளவு மிச்சம் என்பது மறந்துபோகும். அவருடைய நோட்டில் மட்டும் கணக்கு இருக்கக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிடித்த தொகை, மீதித் தொகை இரண்டையும் உங்கள் நோட்டிலும் எழுதி அவரிடம் காட்டுங்கள்.

அட்வான்ஸுக்கு வட்டி இல்லை என்பார்கள். வேறு விதத்தில் இருக்கிறது: பக்கத்து சைட்டில் 50 ரூபாய் கூடுதலாகக் கூப்பிட்டாலும் போக முடியாது. மாதம் 20 நாள் வேலை என்றால் அது 1,000 ரூபாய். மழைக் காசு கொஞ்சம் சேர்ந்ததும் முதலில் அடைக்க வேண்டிய கடன்களில் இதுவும் ஒன்று.

10. தண்டலுக்கு எடுத்தா நாளைக்கு நூறு ரூபாதானே? 10,000-க்கு 1,500 வட்டி ஒண்ணும் பெருசில்லையே?

கையில் வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். 8,500 ரூபாயும் 100 நாள் உங்களிடம் இருப்பதில்லை. ஐம்பதாவது நாளிலேயே பாதியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சராசரியாக உங்கள் கையில் இருந்தது 4,250 போலத்தான். அதற்கு 1,500 வட்டி, மாதத்துக்கு 450. அதாவது நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கும் மேலே. கம்மலை வங்கியில் அடகு வைத்தால் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும்.

கணக்கில் இன்னொரு பாதிப்பு. வேலை இல்லாத நாளும் தண்டல்காரர் வருவார். வாரத்துக்கு 700 ரூபாய், அதனால் இறுக்கமான வார விலை 3,050-லிருந்து 3,750 ஆகிவிடும். மழைக் காலத்தில் தண்டல் எடுத்தவர்கள் அதைக் கட்ட இன்னொரு தண்டல் எடுப்பது இப்படித்தான். முடிகிற தண்டலைப் புதுப்பிக்காமல் விடுங்கள். அந்த 700 ரூபாயை அடுத்த 17 வாரம் மழைக் காசில் போட்டால் 11,900 சேரும், ஆறாம் கேள்வியில் சொன்ன தொகை ஏறக்குறைய வந்துவிடும்.

11. குழுக் கடன் போக மைக்ரோ ஃபைனான்ஸ் ரெண்டு ஓடுது. இன்னொண்ணு தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டுகிற மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அது கடன் கொடுப்பவருக்கான வரம்பு. அவ்வளவு வரை வாங்கலாம் என்று நமக்குச் சொன்ன ஆலோசனை இல்லை. நம் உதாரண வீட்டில் சராசரி வருமானத்தில் பாதி 10,600. அவ்வளவு தவணை கட்டினால் வாடகையும் சாப்பாடும் போக ஒன்றும் இருக்காது.

உங்கள் அளவுகோல் மழை மாதம். 16,450 வந்த மாதத்தில் 1,600 தவணையோடு இறுக்கமாக இருந்தால் 13,200 செலவு. மிஞ்சுவது 3,250. ஏற்கெனவே ஓடுகிற இரண்டு கடனின் தவணையும் இதற்குள் அடங்கவில்லை என்றால் மூன்றாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதிகத் தவணை உள்ள ஒன்றை நல்ல மாதங்களில் முடித்துவிட்டால் மூச்சு விடலாம்.

12. உரிமைத் தொகை 1,000 வருது. அதை எதுல சேர்க்கிறது?

மளிகையில் சேர்த்தால் இருந்த இடம் தெரியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் தொகை வருகிற வீட்டில், கூலி முன்பின்னாக இருந்தாலும் தேதி தவறாமல் வருகிற ஒரே காசு இதுதான். அதனால் வருடக் கவருக்கு இதை ஒதுக்குங்கள். வருடத்துக்கு 12,000, மூன்றாம் கேள்வியின் 18,000-இல் மூன்றில் இரண்டு பங்கு. வாரா வாரம் 350 எடுத்து வைத்த இடத்தில் 115 போதும், வார விலையே 3,765-க்கு இறங்கும்.

13. சாரத்துல இருந்து விழுந்து அவர் மூணு மாசம் படுத்துட்டா இந்தக் கவரெல்லாம் தாங்குமா?

தாங்காது. மழைக் காசு நான்கு வாரத்துக்கு. மனைவி வாரம் ஐந்து நாள் போனால் 2,750 வரும், இறுக்கமான விலைக்கு 300 குறையும். அதனால் 12 வாரத்துக்கு 3,600 போதும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் படுத்தவரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், ஐந்து நாள் போக முடியாது. மூன்று நாள்தான் போகிறார் என்றால் வாரத்துக்கு 1,400 குறையும், 12 வாரத்தில் 16,800. வாடகையைக் கொஞ்சம் தள்ளிக் கேட்கவும் குழுவில் தவணைக்கு அவகாசம் கேட்கவும் முதல் வாரத்திலேயே போங்கள். காசு தீர்ந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும், கூலி இழப்புக்கு உதவாது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 2 லட்சம். எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் அதில் ஒன்றும் வராது. அதன் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எடுத்தவர்கள் அதைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் குழுவில் அட்டையைக் காட்டச் சொன்னால் பாதிப் பேருடையது காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்கும் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில், வார விலைக்குக் கீழே எழுதி வையுங்கள்.